ஐந்து லட்சம் கேட்கும் முன்: தையல் கடைக் கடனுக்கு எட்டு ஸ்லைடு

கேள்வி: கோத்தகிரியில் 9 வருஷமா தையல் கடை வச்சிருக்கேன். ஒரு பவர் மெஷின், ஒரு மிதி மெஷின், உதவிக்கு ஒரு பொண்ணு. மாசம் 38,000 ரூபாய்க்கு வேலை நடக்கும், கடைச் செலவு போக 22,000 நிக்கும், அதுல வீட்டுக்கு 16,000 எடுப்பேன். பக்கத்துத் தனியார் பள்ளியில 240 பிள்ளைங்களுக்கு ஆளுக்கு 2 செட் யூனிஃபார்ம், துணியும் நாங்களே எடுத்துத் தைச்சுத் தரச் சொல்றாங்க. ஒரு செட் 850 ரூபாய், முன்பணம் 30 சதவீதம். 3 பவர் மெஷின், ஓவர்லாக், காஜா மெஷின், துணி எல்லாத்துக்குமா 5 லட்சம் கேட்கலாம்னு இருக்கேன். கையில 70,000 சேமிப்பு இருக்கு. பேங்க் மேனேஜர், "பிரசன்டேஷன் மாதிரி கொண்டு வாங்க, பத்து நிமிஷம் பேசுவோம்"னு சொன்னார். என் மக 19 ஸ்லைடு போட்டிருக்கா, கொட்டேஷனோட அனுப்பியிருக்கேன். எதை வைக்கிறது, எதை எடுக்கிறது?

பதில்: முதல் 6 ஸ்லைடுகளையும் எடுத்துவிடுங்கள். இந்திய ஜவுளிச் சந்தையின் அளவு, தொலைநோக்கு, தையலின் வரலாறு எதுவும் மேனேஜர் எழுதப்போகும் குறிப்பில் இடம்பெறாது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் கேட்கும் தொகை எந்தக் கணக்கிலிருந்து வந்தது, அது எந்த மாதம் எங்கிருந்து திரும்பி வரும். இதற்கு எட்டு ஸ்லைடு போதும். ஆனால் அந்த எட்டையும் போட உட்கார்ந்தால் உங்கள் 5 லட்சம் அப்படியே நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தையல் நாட்களிலிருந்து தொடங்குவோம். 480 செட் என்றால் 480 சட்டை, 480 பேன்ட் அல்லது பாவாடை, மொத்தம் 960 உருப்படி. வெட்டுவதை நீங்கள் பார்த்துக்கொண்டு, ஓவர்லாக்கை உதவியாளர் பார்த்துக்கொண்டால், பவர் மெஷினில் உட்காரும் ஒரு தையல்காரர் ஒரு நாளைக்கு 7 உருப்படி தைப்பார் என்று வைக்கலாம். இந்த 7 என்ற எண்ணை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் உங்கள் கடையிலேயே ஒரே அளவில் சட்டை தைக்க விட்டுப் பார்த்து, வந்த எண்ணைப் போடுங்கள். மேனேஜர் கேட்டால் "தைத்துப் பார்த்தோம்" என்பதற்கு இருக்கும் மதிப்பு வேறு.

இருக்கும் பவர் மெஷினோடு புதிதாக 2 சேர்ந்தால் 3. நாளைக்கு 21 உருப்படி, 960-க்கு 46 நாள். பள்ளி ஜூனில் திறக்கிறது, மே 25-க்குள் சரக்கு போக வேண்டும். மார்ச் 20-க்குள் அளவெடுத்துத் துணி இறக்கிவிட்டால், ஞாயிறும் பண்டிகையும் போக 50 நாளுக்குக் குறையாமல் கிடைக்கும். நாலு நாள்தான் உபரி, அது மெலிசானதுதான். கோடை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் அதுவும் கரையும். அதனால் மிதி மெஷினை விற்றுவிடாதீர்கள். கரண்ட் இல்லாத நாளிலும் ஓடும் மெஷின் அதுதான். மூன்றாவது புதிய மெஷின் வாங்கினால் நாட்கள் 35-ஆகக் குறையும், உண்மைதான். ஆனால் மேனேஜரின் அடுத்த கேள்வி, "ஜூனுக்கு அப்புறம் நாலு பவர் மெஷினும் என்ன செய்யும்?" என்பதாக இருக்கும். அதற்கு உங்களிடம் பதில் இல்லை. அளவெடுப்பதை முன்னால் தள்ளினாலே ஒரு மெஷின் விலை மிச்சம்.

காஜா மெஷினைப் பாருங்கள். கொட்டேஷனில் 85,000 ரூபாய். ஒரு சட்டைக்கு 7 காஜா, 480 சட்டைக்கு 3,360 காஜா. மேட்டுப்பாளையத்தில் காஜா எடுக்கும் கடையில் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் என்றாலும் 5,040 ரூபாயில் முடியும். வருஷத்துக்கு 5,000 ரூபாய் வேலைக்கு 85,000 ரூபாய் மெஷின் வாங்குவதாக ஒரு ஸ்லைடு சொன்னால், மற்ற ஸ்லைடுகள் மேலும் சந்தேகம் வரும். இரண்டாவது பள்ளி கிடைத்தபின் அதை யோசிக்கலாம். கீழே போய்வரும் பஸ் செலவையும் ஒரு நாள் பொழுதையும் மட்டும் கணக்கில் சேருங்கள்.

இவை போக மெஷின் பக்கம் நிற்பது: பவர் மெஷின் 2, தலா 28,000 வீதம் 56,000. ஓவர்லாக் 34,000. ஸ்டீம் அயர்ன் 12,000. வெட்டும் மேசையும் ரேக்கும் 12,000. ஏற்றுகூலியும் பொருத்துவதும் 6,000. மொத்தம் 1,20,000. உங்கள் கொட்டேஷனில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஓவர்லாக்குக்கு எதிரே வெறும் மாடல் எண் மட்டும் இருக்கிறது. மேசை, ஸ்டாண்ட், மோட்டார் சேர்த்தா என்று இல்லை. பல கடைக்காரர்கள் தலை விலையை மட்டும் எழுதிவிட்டு, பில் போடும்போது மீதியைச் சேர்ப்பார்கள். வங்கி கடன் தொகையை உங்கள் கையில் தராது, விற்பவர் கணக்குக்கே நேராக அனுப்பும். கொட்டேஷனில் இருந்த தொகைதான் போகும், அதற்கு மேல் 8,000 ரூபாய் வந்தால் அது உங்கள் தலையில் விழும். "மேசை, ஸ்டாண்ட், சர்வோ மோட்டார், ஜிஎஸ்டி உட்பட, கோத்தகிரி இறக்கி" என்று ஒவ்வொரு வரிக்கும் எழுதி வாங்குங்கள். கடையின் ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு, தேதி, கையெழுத்து இருக்க வேண்டும். மோட்டார் சர்வோவாகவே இருக்கட்டும். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே கரண்டைத் தின்னும்.

இந்த 1,20,000-இல் 20 சதவீதம், அதாவது 24,000, உங்கள் கைப்பணம் என்று வையுங்கள். மீதி 96,000 தவணைக் கடன். வட்டி வங்கிக்கு வங்கி மாறும். கணக்குக்கு 11 சதவீதம், 36 மாதம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 3,150.

இனி துணிப் பணம். 19 ஸ்லைடில் எங்குமே இல்லாதது இதுதான். மெஷினுக்கும் துணிக்கும் சேர்த்து ஒரே கடனாகக் கேட்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. துணியில் போடும் பணம் நாலைந்து மாதத்தில் திரும்பிவிடும், அதை மூன்று வருஷத் தவணையில் கட்டுவதில் அர்த்தமில்லை. அதற்கு உள்ளது கேஷ் கிரெடிட், அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, வரும்போது திருப்பிக் கட்டும் கடன். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி.

சிறு தொழிலுக்கு இந்த வரம்பை வங்கிகள் வழக்கமாக ஒரு எளிய கணக்கில் போடுகின்றன: வரும் ஆண்டில் எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை, அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் உங்களுடையது. உங்கள் வழக்கமான வேலை ஆண்டுக்கு 4,56,000. யூனிஃபார்ம் ஓடும் மூன்று மாதம் பிளவுஸ், சுடிதார் வேலை குறையும் என்பதால் 36,000-ஐக் கழித்து 4,20,000 என்று போடுங்கள். கழித்துக் காட்டுவதாலேயே அந்த எண் நம்பப்படும். பள்ளி 480 × 850 = 4,08,000. இரண்டும் சேர்ந்து 8,28,000. அதில் 20 சதவீதம் 1,65,600, 1,65,000 கேளுங்கள். உங்கள் பங்கு 41,400.

ஆக மொத்தம் 96,000-உம் 1,65,000-உம் சேர்த்து 2,61,000. முத்ரா திட்டத்தில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை உள்ள கிஷோர் பிரிவில் இது அடங்கும். குறு, சிறு தொழில்களுக்கு இந்த அளவுக் கடனுக்கு அடமானச் சொத்து கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வாங்கும் மெஷினும் சரக்கும் மட்டும் வங்கிக்கு ஈடாகப் பதிவாகும். முத்ராவில் மானியம் கிடையாது, அதை வாங்கித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். மானியம் பற்றிக் கேட்க வேண்டிய இடம் உதகையில் உள்ள மாவட்டத் தொழில் மையம். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு, உங்களுக்குப் பொருந்தாது. கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் ஒரு தொழில். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்த 2,61,000 போதுமா என்று நீங்களே சோதிக்க வேண்டும், மேனேஜரும் சோதிப்பார். ஒரு செட்டின் அடக்கம் உங்கள் கணக்குப்படி துணி 420, பட்டன், ஜிப், நூல், காஜா 40, தையல்கூலி 160, மற்றவை 30, ஆக 650. செட்டுக்கு 200 லாபம், 480 செட்டுக்கு 96,000. நல்ல லாபம்தான், ஆனால் அது கடைசியில் வருகிறது. பணம் போகும் வழி இப்படி இருக்கும்:

| மாதம் | வரவு | செலவு | அதுவரை மொத்தக் குறை |
|---|---|---|---|
| மார்ச் | 1,22,400 (முன்பணம்) | 2,32,800 | 1,10,400 |
| ஏப்ரல் | – | 38,000 | 1,48,400 |
| மே | – | 41,200 | 1,89,600 |
| ஜூலை | 2,85,600 (மீதி) | – | 96,000 உபரி |

மே கடைசியில் 1,89,600 வெளியே நிற்கிறது. கேஷ் கிரெடிட் 1,65,000, உங்கள் 41,400, சேர்த்து 2,06,400. மிச்சம் 16,800. பார்க்கத் தாங்கும் போலிருக்கும். ஆனால் வீடு நடத்த மாதம் 16,000 எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று மாதத்தில் வழக்கமான வேலையில் நிற்பது 12,000-ஆகக் குறையும். மாதம் 4,000 வீதம் 12,000 குறை, அதோடு இரண்டு கடனின் வட்டியும் சேர்ந்தால் 17,000-ஐத் தொட்டுவிடும். மிச்சம் என்று எதுவும் இல்லை. துணி மீட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறினால் போதும், கூலி நின்றுவிடும்.

இதற்குக் கடனைக் கூட்டிக் கேட்பது தீர்வல்ல. பள்ளியிடம் 40 சதவீத முன்பணம் கேளுங்கள். 1,63,200 வந்தால் உச்சக் குறை 1,48,800-க்கு இறங்கி, கையில் 40,800 கூடுதலாக நிற்கும். பள்ளி மறுத்தால் துணிக்கடைக்காரரிடம் பாதித் துணிக்கு 30 நாள் தவணை கேளுங்கள். இரண்டில் ஒன்றாவது எழுத்தில் கிடைத்தபிறகு வங்கிக்குப் போவது நல்லது. தவணைக் கடனுக்கு அசல் கட்டுவது ஜூலையில் தொடங்கட்டும், அதுவரை வட்டி மட்டும் மாதம் சுமார் 880 கட்டுகிறேன் என்று ஸ்லைடிலேயே எழுதுங்கள். மார்ச்சிலேயே முழுத் தவணை என்றால், வேலை நன்றாக நடக்கும்போதே கணக்கு தவறும்.

பள்ளியின் வாய்வார்த்தை வங்கிக்கு ஆர்டர் ஆகாது. பள்ளியின் தாளில் எத்தனை செட், என்ன விலை, எவ்வளவு முன்பணம், எந்தத் தேதிக்குள் சரக்கு, எத்தனை நாளில் மீதி என்று ஐந்து வரி வாங்குங்கள். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால் இன்றே போடுங்கள். ஆதார், பான் இருந்தால் இணையத்தில் இலவசம். பதிவுள்ள குறுந்தொழிலிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது என்று எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. அதைச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை, கடிதத்தில் 45 நாள் என்று எழுதி வாங்கினாலே போதும்.

கடைசி ஸ்லைடுதான் முடிவை நகர்த்தும்: "பள்ளி ஆர்டர் இல்லையென்றால்." இதை யாரும் தாமாகப் போடுவதில்லை, மேனேஜர் தம் மனதில் போட்டுக்கொள்கிறார். நீங்களே போடுங்கள். ஆர்டர் இல்லையென்றால் துணி வாங்கப்போவதில்லை, கேஷ் கிரெடிட்டைத் தொடப்போவதில்லை. மெஷின் தவணை மட்டும் ஆண்டுக்கு 37,800. உங்கள் வழக்கமான வருமானம் 2,64,000, வீட்டுக்கு 1,92,000 போக மிச்சம் 72,000. தவணையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதே ஸ்லைடை 5 லட்சத்துக்குப் போட்டுப் பாருங்கள். 36 மாதத் தவணை மாதம் 16,370, ஆண்டுக்கு 1,96,000-க்கு மேல். 72,000-இலிருந்து அதை எப்படிக் கட்டுவீர்கள்? ஐந்து வருஷமாக நீட்டினாலும் 1,30,000. 5 லட்சம் கேட்டிருந்தால் கேள்வி இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கும்.

மேனேஜர் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவராக இருந்தால் மழையைப் பற்றிக் கேட்பார். நீலகிரி என்றாலே ஜூன், ஜூலை மழை என்று நினைப்பு. கூடலூர், பந்தலூர் பக்கம் அது சரி. கோத்தகிரி தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில். யூனிஃபார்ம் வேலை அதற்குள் முடிந்துவிடும். சிக்குவது தீபாவளித் துணிதான் என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பச்சைத் தேயிலை விலை இறங்கினால் பிளவுஸ் வேலையும் இறங்கும் என்பதை அவரே அறிவார், மறைக்க வேண்டாம்.

மாதம் 38,000 வேலை நடக்கிறது என்று ஸ்லைடு சொல்லும்போது உங்கள் வங்கிக் கணக்கில் மாதம் 14,000-தான் வரவாகத் தெரிந்தால், அங்கே பேச்சு நிற்கும். மகளின் ஜிபேயில் வருவதும், கையில் வாங்கி அப்படியே உதவியாளர் கூலிக்குப் போவதும் கணக்கில் ஏறாது. கடந்த 6 மாதத்துக்கு ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்: கணக்கில் வந்தது, மகள் கணக்கில் வந்தது, கையில் வாங்கிக் கையிலேயே செலவானது. மூன்றும் சேர்ந்து 38,000-க்கு அருகே வர வேண்டும். ஆதாரம் உங்கள் அளவு நோட்டுதான். பெயர், தேதி, அளவு, கூலி, அட்வான்ஸ் எழுதிய ஒரு பக்கத்தைப் படமெடுத்து இரண்டாவது ஸ்லைடில் வையுங்கள், வாடிக்கையாளர் போன் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். நோட்டையும் கையோடு கொண்டு போங்கள். கூட்டிப் பார்த்து 31,000-தான் வந்தால் ஸ்லைடிலும் 31,000 என்றே போட்டு மற்ற எண்களை அதற்கேற்பத் திருத்துங்கள். குழுக் கடன், நகைக் கடன் எது இருந்தாலும் அதே ஸ்லைடில் ஒரு வரி. சிபில் அறிக்கையில் அது எப்படியும் தெரியும், நீங்கள் சொல்லாமல் தெரிந்தால்தான் சிக்கல்.

ஸ்லைடு வரிசை இப்படி இருக்கட்டும்: கேட்கும் தொகையும் எதற்கு என்பதும், இன்றைய கடை, பள்ளிக் கடிதம், 960 உருப்படிக் கணக்கு, கொட்டேஷன், துணிப் பணம், மாதவாரி வரவு செலவு, ஆர்டர் இல்லையென்றால். முதல் ஸ்லைடில் 2,61,000 என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும், அதன் கீழே "மெஷினுக்கு 96,000, துணிக்கு 1,65,000, என் பணம் 65,400" என்று மூன்று துண்டு. சில மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, தலைப்புக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள் மகளிடம். கலர், அசையும் எழுத்து எல்லாம் எடுத்துவிடட்டும். வங்கிக் கணினியில் பென் டிரைவ் பெரும்பாலும் ஏறாது. இரண்டு பிரதி அச்செடுத்து, பக்க எண் போட்டு, ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றொன்றைப் பார்த்துப் பேசுங்கள். கோப்பில் சேர்வது அந்தத் தாள்தான்.

கடன் கிடைத்தபின் ஒன்று. கேஷ் கிரெடிட் கணக்கை யூனிஃபார்ம் மாதங்களில் மட்டும் தொட்டுவிட்டு மற்ற நேரம் மறந்துவிடாதீர்கள். பாக்கி இருக்கும்போது 90 நாள் தொடர்ந்து வரவே இல்லாமலோ, வந்தது வட்டிக்கும் போதாமலோ இருந்தால் அது வராக்கடன் பட்டியலில் ஏறிவிடும். தினசரிக் கடை வரவை அந்தக் கணக்கிலேயே போடுங்கள், ஜிபேயையும் அதனோடு இணையுங்கள். மேனேஜரைப் பார்க்கும் நாளுக்குள் பள்ளிக் கடிதம் வரவில்லையென்றால், அவரிடம் ஒரு வாரம் தள்ளிக் கேளுங்கள். கடிதமில்லாத மூன்றாவது ஸ்லைடோடு போக வேண்டாம்.